சக்கரம் உருளும் முன்னே

வாந்தி விஷயத்தில் கண்டக்டர் காத்தானை மிஞ்ச நாகப்பட்டினம் – திருச்சி ரோட்டில் ஆள் கிடையாது. சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தனியார் பஸ் கம்பெனி, ஒரே தடம், தோல் பையும் விசிலும். கீழ்வேளூரில் ஏறுகிறவர் மன்னார்குடி வருவதற்குள் வாந்தி எடுப்பாரா மாட்டாரா என்று டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்.

முதலில் கொட்டாவி வரும். தூக்கக் கொட்டாவி இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் கொட்டாவி. பிறகு வாயில் எச்சில் ஊறும், அதை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள். முகம் வெளுக்கும், மேலுதட்டில் வேர்க்கும். அந்த நேரத்தில் காத்தான் பக்கத்தில் போய் நிற்பார். "செல்போன உள்ள வைங்க. பின் டயருக்கு மேல உக்காந்தா குலுக்கத்தான் செய்யும், எந்திரிச்சு முன்னாடி வாங்க. தூரத்துல ரோட்டைப் பாருங்க, பக்கத்துல ஓடுற மரத்தைப் பாக்காதீங்க." ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒரு எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் பையில் எப்போதும் இருக்கும். காலி வயிற்றோடு வருகிறவர்களுக்கு நாலு பிஸ்கட் கொடுப்பார். பரோட்டாவை முட்டத் தின்று பால் டீயும் குடித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் வாயில் வந்தபடி திட்டிவிட்டுத்தான் பாலிதீன் கவரை நீட்டுவார்.

அதிலும் அவருக்கு ஒரு ரகசியக் கணக்கு உண்டு. வாந்தி ரெண்டு ரகம். ஒன்று பஸ்ஸால் வருவது. சக்கரம் உருண்ட பிறகுதான் அது ஆரம்பிக்கும், இறங்கிக் கொஞ்ச நேரம் காற்று வாங்கினால் அடங்கும். இன்னொன்று பயத்தால் வருவது. அது சக்கரம் உருளும் முன்னாலேயே வந்துவிடும். பஸ் ஸ்டாண்டிலேயே கை சில்லிட்டுப் போயிருக்கும், மூச்சு மேல்மூச்சாக வாங்கும், விரல் நுனி மரத்துப் போகும், பத்து நிமிஷத்தில் நாலு தடவை கழிப்பறைக்கு ஓடுவார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் இந்த ரகம். வண்டியை ஓரங்கட்டினாலும் இவர்களுக்கு அடங்காது. ரெண்டும் சேர்ந்து வருகிற பாவப்பட்ட ஜென்மங்களும் உண்டு.

பயக்காரர்களுக்கு எலுமிச்சம்பழம் பிரயோஜனப்படாது என்று காத்தானுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிய கரண்ட் கம்பம் தெரியுதா? ஒரு கம்பத்துல இருந்து அடுத்த கம்பம் வரைக்கும் மூச்சை இழுங்க. அப்புறம் ரெண்டு கம்பம் தாண்டுற வரைக்கும் மெதுவா விடுங்க" என்பார். கூடவே அவரும் இழுத்து விடுவார். வடுவூர் வருவதற்குள் ஆள் ஒரு நிலைக்கு வந்து, ஊர் பேர் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார். காத்தானை டாக்டர் என்று கிண்டல் செய்வார் டிரைவர் பஞ்சநதம். காத்தானுக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

அவருக்கு ஒரே பெண், பூவிழி. நன்னிலம் பக்கத்தில் வீடு. பி.காம். முடித்துவிட்டு நாலு வருஷமாக வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். முதல் மூன்று வருஷமும் முதல்கட்டத் தேர்விலேயே போய்விட்டது. இந்த வருஷம் அதில் தேறிவிட்டாள். அடுத்தது முதன்மைத் தேர்வு, திருச்சியில், கம்ப்யூட்டரில். இதில் வந்தால் வேலை. "இது இல்லன்னா இனிமே எழுத மாட்டேம்ப்பா, எங்கிட்ட தெம்பு இல்ல" என்று பூவிழி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

காத்தான் என்ன செய்தார்? பஸ் முழுக்கச் சொன்னார். தினமும் ஏறுகிற வாத்தியார்கள், பூக்காரம்மாக்கள், தாலுகா ஆபீஸ் ஆட்கள், ஒருவர் பாக்கி இல்லை. "எம் பொண்ணு பேங்க்ல உக்காரப் போவுது" என்று சில்லறையோடு சேர்த்து அதையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் மகளிடம், "உங்க தாத்தன் பேங்க் வாசல்ல செருப்பக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. நீ உள்ள ஏசியில உக்காரணும்" என்பார். சோற்றில் கை வைக்கும்போது சொல்வார். அவள் புத்தகத்தை மூடும்போது சொல்வார். ஆசைதான், வேறென்ன. ஆனால் ஆசையையும் தினமும் தலையில் ஏற்றினால் கழுத்து வலிக்காதா?

பரீட்சைக்கு பஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் பூவிழி வாந்தி எடுத்தாள். முதல் வருஷம் பஸ்ஸில். ரெண்டாவது வருஷம் பஸ் ஸ்டாண்டில். மூன்றாவது வருஷமும் இந்த வருஷமும் விடியற்காலையில் வீட்டுக் கொல்லையிலேயே. அப்போது திருவாரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற மொபெட்டின் ஸ்டாண்டைக்கூட எடுத்திருக்கவில்லை. இதே பெண், கல்லூரிக்கு மூன்று வருஷம் மன்னார்குடிக்குக் கூட்டத்தில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போய் வந்தவள். ஒரு நாள் குமட்டியதில்லை.

"அவளுக்குப் பஸ்ஸு சேரலங்க" என்றாள் மனைவி அம்சம்.

"ஆமா, பஸ்ஸு சேரல" என்றார் காத்தான். வேறு யாராவது வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால் பாதி கேட்கும்போதே உண்மையைச் சொல்லியிருப்பார்.

முதன்மைத் தேர்வுக்கு நாலு நாள் முன்பு, கூத்தாநல்லூரில் பஸ் நின்ற மூன்று நிமிஷத்தில் ஓடிப்போய் அனீஸாவின் மருந்துக்கடையில் நின்றார். அனீஸா மருந்தாளுநர் படிப்புப் படித்தவள். காத்தானின் பஸ்ஸுக்கு வேண்டிய பஞ்சும் பிளாஸ்திரியும் அவள் கடையில்தான் வாங்குவது.

"அனீஸா, வாந்தி மாத்திரை ஒண்ணு குடும்மா. நல்லா கேக்குறதா குடு. எம் பொண்ணுக்கு."

அவள் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. "பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே குமட்டுதா, ஏறின பொறவாண்ணே?"

பாருங்கள், அந்தப் பெண் அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டாள். அவர் இருபத்திரண்டு வருஷமாக ஊரைக் கேட்ட கேள்வி.

"ஏறின பொறவுதான்" என்றார் காத்தான்.

"முன்னாடின்னா சொல்லிடுங்கண்ணே. அது மனசுல உள்ள பதட்டமா இருக்கும், அதுக்கு இது சரிவராது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி பேசணும்."

"பதட்டமெல்லாம் ஒண்ணுமில்ல. அது தைரியமான புள்ள."

"அப்ப சரி. கெளம்புறதுக்கு அரை மணி ஒரு மணி முன்னாடி ஒண்ணு போடணும். ஒண்ணுக்கு மேல வேணாம். தூக்கம் தள்ளும்ண்ணே, சில பேருக்கு அன்னைக்குப் பூரா தள்ளும். வண்டி ஓட்டுற வேலை, படிக்கிற எழுதுற வேலை எதுவும் இருக்கா?"

பஞ்சநதம் ஹாரன் அடித்தார். "இல்லம்மா. சும்மா சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஏன் சொன்னார்? அவரே பின்னாளில் நூறு தடவை தன்னைக் கேட்டுக்கொண்டார். பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால், என்ன பயம் என்று அடுத்த கேள்வி வரும். யாருக்குப் பயப்படுகிறது அந்தப் பெண்? வினாத்தாளுக்கா? அது வெறும் கேள்விதானே. அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் பஸ் மேல் பழியைப் போட்டுவிட்டார். பஸ் வந்து மறுத்துப் பேசப் போவதில்லையே.

தேர்வு நாள் காலை நாலரைக்குப் பூவிழி கொல்லையில் குனிந்து நின்றாள். வெறும் வயிற்றிலிருந்து பித்தநீர் வந்தது. அம்சம் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். காத்தான் தண்ணீர்ச் சொம்போடு போய், உள்ளங்கையில் மாத்திரையை நீட்டினார்.

"இது என்னப்பா?"

"வாந்தி நிக்கும். போடு."

"தூக்கம் வருமா?"

"வராது."

ஒரே வார்த்தை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாந்தி விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியாதது இல்லை என்று ஊரே சொல்கிறதே, வாங்கி விழுங்கிவிட்டாள்.

மொபெட்டில் திருவாரூர் வந்து, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நின்றார்கள். அன்றைக்கு அவர் லீவு. ஆனாலும் தன் பஸ்ஸில்தான் மகளைக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முன்சீட்டைப் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தார். பஸ் வருவதற்குள் பூவிழி மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தாள். "அப்பா, விரலெல்லாம் மதமதங்குது" என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதாவது அந்தக் கம்பத்துக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். முன்பின் தெரியாத எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன்!

பஸ் வந்ததும் ஏறினார்கள். "அடடே, பேங்க் மேனேஜரம்மா வந்தாச்சு" என்று பஞ்சநதம் எழுந்து கும்பிட்டார். பின்னாலிருந்து வாத்தியார் ஒருவர், "பாப்பா, இந்தத் தடவை விட்டுடாத, அப்பா மானத்தைக் காப்பாத்திடு" என்று சிரித்தார். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். பூவிழி எல்லாருக்கும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். பஸ் இன்னும் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பவில்லை.

காத்தான் பதறிப்போனார். காலையில் போட்ட மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று தீர்மானித்தார். போட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதே, அது எப்போதோ உடம்பில் இறங்கியிருக்கும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிதுக்கினார். அனீஸாவின் 'ஒண்ணுக்கு மேல வேணாம்' காதில் விழாமல் இல்லை. விழுந்தது. விழுந்தும் கொடுத்தார்.

கூத்தாநல்லூர் வந்தபோது மருந்துக்கடை இன்னும் திறந்திருக்கவில்லை. அதைப் பார்த்து அவருக்கு நிம்மதியாக இருந்தது. மன்னார்குடி தாண்டுவதற்குள் பூவிழியின் தலை அவர் தோளில் சாய்ந்துவிட்டது. "பாத்தியா, மருந்து எப்பிடிக் கேக்குது" என்று பஞ்சநதத்திடம் பெருமையாகச் சொன்னார். தஞ்சாவூரில் எழுப்பி இட்லி வாங்கித் தந்தார், பாதி இட்லியோடு அவள் கண் செருகியது. திருச்சியில் பத்தரைக்கு இறங்கினபோது கால் பின்னியது. "அப்பா, நாக்கெல்லாம் காய்ஞ்சு போச்சு. தலை பஞ்சு மாதிரி இருக்கு. நீ என்ன மாத்திரை குடுத்த?"

"அலைச்சல். மூஞ்சியக் கழுவு, சரியாப் போயிடும்."

முகம் கழுவினாள். காபி ரெண்டு குடித்தாள். தேர்வு நடக்கும் கல்லூரி வாசலில் கைரேகை வைத்துப் போட்டோ எடுத்து அவளை உள்ளே அனுப்பினார்கள். வேப்பமரத்தடியில் மற்ற அப்பா அம்மாக்களோடு காத்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எம் பொண்ணு காலையில ஒண்ணும் சாப்பிடலீங்க, வயித்தைப் பெரட்டுதுன்னா" என்றாள். காத்தானுக்குத் தன்னையறியாமல் வாயில் வந்தது: "அது பயம்மா. பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தா தானா பசிக்கும், பாருங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேல் பூவிழி வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

"ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நேரம்ப்பா" என்று நடந்துகொண்டே சொன்னாள். "நேரம் முடிஞ்சா தானா அடுத்ததுக்குப் போயிடும், திரும்பி வர முடியாது. ரெண்டாவது பகுதியில ஒரே வரியை நாலு தடவை படிச்சேன், மண்டையில ஏறல. மூணாவது ஆரம்பிச்சது தெரியும். கண்ணை மூடி முழிச்சேன். மேற்பார்வைக்கு நின்னவங்க தோளைத் தொட்டு, ஒடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டாங்க. பாக்குறேன், நாலாவது ஓடிக்கிட்டு இருக்கு."

காத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கணக்குப்பா" என்றாள்.

மாலை நாலு மணிக்கு அதே பஸ் திரும்பியது. முன்சீட்டில் காத்தான் துண்டைப் போட்டு வைத்தார். பூவிழி அதைத் தாண்டி நடந்து, கடைசி வரிசையில், பின் டயருக்குப் பின்னால் தூக்கித்தூக்கிப் போடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். துண்டை எடுத்துக்கொண்டு அவரும் பின்னால் போனார். தஞ்சாவூரில் இறங்கி அவளே ரெண்டு பரோட்டா வாங்கினாள். எண்ணெய் மிதக்கிற சால்னாவை மேலே ஊற்றி, பஸ் ஓட ஓட, செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். காத்தான் தன் பஸ்ஸில் எதையெல்லாம் செய்யாதே என்பாரோ அத்தனையும் செய்தாள். வடுவூர் ஏரி ஓரத்து வளைவுகளில் பஞ்சநதம் வண்டியை ஒடித்து ஒடித்து எடுத்தார். காத்தான் அவளுடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஒரு கொட்டாவி இல்லை.

வரட்டுமே என்று வேண்டினார். நம்புங்கள், பெற்ற தகப்பன் தன் மகளுக்கு வாந்தி வரவேண்டும் என்று வேண்டினான். ஒரே ஒரு தடவை வந்தால் போதும், பஸ் மேல் போட்ட பழி நிஜமாகிவிடும்.

இருட்டத் தொடங்கும் நேரம் மன்னார்குடி வந்தது. பஞ்சநதம் என்ஜினை அணைத்துவிட்டு, டீக்கு இறங்கும் முன் கடைசிச் சீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏம்ப்பா காத்தா, பாப்பாவுக்கு இன்னமும் மாத்திரை வேலை செய்யிது பாரு! பரோட்டா தின்னும் ஒண்ணும் ஆவலையே!"

காத்தான் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். "ஆமா பாப்பா, மாத்திரைதான் இன்னும்..."

"இந்த ஸ்டாண்டுக்குத்தாம்ப்பா மூணு வருஷம் காலேஜுக்கு வந்தேன். அப்ப எந்த மாத்திரை போட்டேன்?"

செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முழுதாக அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன், சொல்லு. என்னைய மாதிரி ஒருத்தி, பஸ் வர்றதுக்கு முன்னாடியே வாந்தி எடுத்துக்கிட்டு, கை சில்லுன்னு ஆகி, உன் பஸ்ல ஏறியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"பாப்பா..."

"கண்டக்டராச் சொல்லுப்பா."

"பயம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

"மாத்திரை குடுத்திருப்பியா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

சொன்னார். அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "பயம்னு சொன்னா, யாரைப் பாத்துப் பயம்னு கேப்பாங்களே பாப்பா. அதுக்குப் பதில் எனக்குத் தெரியும்."

பூவிழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூக்காரம்மா கொடுத்த மல்லிகை அவள் தலையில் வாடிப் பழுப்பேறிக் கிடந்தது.

காத்தானுக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார், மறுபடி ஊறியது. கை சில்லிட்டது. விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு கரண்ட் கம்பம் தென்படுமா என்று கண்ணைத் தூரத்தில் ஓட்டினார், நிற்கிற பஸ்ஸிலிருந்து எந்தக் கம்பம் நகரும்? இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குக் குடல் மேலேறி வந்தது. ஜன்னலை எட்ட முடியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூவிழி தன் கைப்பையைத் திறந்தாள். காலையில் அவர் மடித்துக் கொடுத்த பாலிதீன் கவரை எடுத்து, விரித்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். முதுகைத் தடவவில்லை.

"பஸ் நின்னுக்கிட்டுதாம்ப்பா இருக்கு" என்றாள்.